ஹெபடைட்டிஸ் பி-யை "மஞ்சள் காமாலை" என்று எழுதலாமா?

உப்புக்கல்

பிள்ளை பெற்ற தாய்மார்களுக்குக் கொடுப்பதற்காக இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிறந்து 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போட வேண்டிய ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி பற்றியது. தலைப்பிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒலியை அப்படியே எழுதலாம், பாடநூல்போல "கல்லீரல் அழற்சி பி" என்று போடலாம், இல்லையென்றால் எல்லோர் வாயிலும் புழங்குகிற "மஞ்சள் காமாலை தடுப்பூசி". அறிக்கையை எழுதித் தரக் கேட்டவர்களுக்கு மூன்றாவதுதான் பிடித்திருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது வாயில் நுழையாத பெயர் எதற்கு என்கிறார்கள். எனக்கு உறுத்துகிறது. ஆனால் ஏன் உறுத்துகிறது என்று அவர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. நோய்ப்பெயரை எப்போது ஒலிபெயர்ப்பது, எப்போது மொழிபெயர்ப்பது என்று நீங்களெல்லாம் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

வேர்ச்சொல்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காசநோய், தொழுநோய், புற்றுநோய், நீரிழிவு, தட்டம்மை என்று நம்மிடம் இல்லாத பெயரா? "கல்லீரல் அழற்சி" என்றாலே எந்த உறுப்பு, அதற்கு என்ன கேடு என்பது பெயரிலேயே வந்துவிடுகிறது. "ஹெபடைட்டிஸ்" என்றால் படிக்கிறவருக்கு என்ன கிடைக்கும்? வெறும் ஓசை. அதுவும் கிரந்த எழுத்தோடு. ஒலிபெயர்ப்பது சோம்பேறித்தனம், அவ்வளவுதான்.

நள்ளிரவு நர்ஸ்

நான் மகப்பேற்று வார்டில் வேலை பார்க்கிறவள். மூன்றாவதை மட்டும் போட்டுவிடாதீர்கள். ஏன் என்று நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு குழந்தைக்குப் பிறந்த அன்றே ஊசி போட்டாயிற்று. அந்தத் தாயிடம் ஊசியைப் பற்றிச் சொன்னவர் "மஞ்சள் காமாலை வராமல் இருக்கப் போடுவது" என்று சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் குழந்தையின் முகமும் நெஞ்சும் லேசாக மஞ்சளடித்தது. நிறையக் குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் இப்படி ஆகும், அளவைப் பார்த்து நீல விளக்கின் கீழ் வைப்போம், இல்லையென்றால் அடிக்கடி பாலூட்டச் சொல்லி அனுப்பிவிடுவோம். ஆனால் அந்தத் தாய் அழுத அழுகை இருக்கிறதே. "ஊசி போட்டும் வந்துவிட்டதே, ஊசியால்தான் வந்ததா, ஊசி கெட்டுப்போனதா" என்று ஒரே கேள்வி. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் தங்கள் குழந்தைகளைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள், ஒட்டிக்கொள்ளுமாம். அடுத்த நாள் இரண்டு பேர் "எங்கள் பிள்ளைக்கு அந்த ஊசி வேண்டாம்" என்று நின்றார்கள். ஒரே ஒரு சொல்லால் வந்த வினை இது.

ஜன்னலோரம்

நர்ஸ் அக்கா சொன்னதைப் படித்ததும்தான் எனக்கும் கேட்கத் தோன்றியது. நான் அந்த ஊசியை மூன்று தவணையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டவன், அட்டையும் இருக்கிறது. ஆனாலும் போன வருஷம் மஞ்சள் காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகி மூன்று வாரம் படுத்துவிட்டேன். அப்படியானால் அந்த ஊசி வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? நான் நிறையப் பேரிடம் "போடாதீர்கள், வீண்" என்று சொல்லியிருக்கிறேன். மறுபடியும் போட்டுக்கொள்ள வேண்டுமா?

மருந்துச்சீட்டு

உப்புக்கல், உங்கள் உறுத்தலுக்குக் காரணம் மேலே இருக்கும் இரண்டு பதிவுகளிலேயே கிடைத்துவிட்டது பாருங்கள். ஜன்னலோரம் தம்பிக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கும் அதுதான் பதில்.

தம்பி, மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயரே இல்லை. இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் கூடிப்போய்க் கண்ணிலும் தோலிலும் தெரிகிற அடையாளம் அது. கூடுவதற்குக் காரணம் பல. ஹெபடைட்டிஸ் ஏ வகைக் கிருமி அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வந்து கல்லீரலைத் தாக்கியிருக்கலாம், இ வகையும் அப்படித்தான். பித்தப்பைக் கல் குழாயை அடைத்திருக்கலாம். குடி, சில மாத்திரைகள், இரத்த அணுக்கள் அளவுக்கு மீறி உடைவது, இவையெல்லாமும் உண்டு. நீங்கள் போட்டுக்கொண்ட ஊசி பி வகைக் கிருமிக்கு மட்டும். (டி வகை பி-யைச் சார்ந்துதான் வாழும், அதனால் அதற்கும் சேர்த்து.) மற்றவற்றை அது தடுக்காது, தடுப்பதாக யாரும் சொல்லவும் இல்லை, அதன் தமிழ்ப்பெயரைத் தவிர. உங்களுக்கு வந்தது எந்த வகை என்று அப்போது எடுத்த பரிசோதனைத் தாளில் இருக்கும், அதை உங்கள் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். ஊசி வீண் என்று மட்டும் இனி சொல்ல வேண்டாம்.

இப்போது மறுபக்கம். பி வகைத் தொற்று இருக்கிற நிறையப் பேருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளில் கிட்டத்தட்ட 90 சதவீதத்துக்கு அது நாள்பட்ட தொற்றாக உடம்பிலேயே தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் அப்படித் தங்குவது 5 சதவீதத்துக்கும் குறைவு. அதனால்தான் 24 மணி நேரம் என்று அடித்துக்கொள்கிறோம். அந்தக் குழந்தை நன்றாக வளரும், ஓடும், விளையாடும், மஞ்சள் என்ற பேச்சே இருக்காது. கல்லீரல் சுருங்கிக் கெட்டிப்படுவதோ புற்றுநோயோ பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். இதற்குப் போய் "மஞ்சள் காமாலை" என்று பெயர் வைத்தால், கண் வெள்ளையாக இருக்கிற தாய் "எனக்குத்தான் காமாலையே வரவில்லையே, பிறகு என் பிள்ளைக்கு எதற்கு" என்று கேட்பாள். நியாயமான கேள்விதானே.

ஆக அந்தப் பெயர் இரண்டு பக்கமும் பொய் சொல்கிறது. மஞ்சளான எல்லாமும் பி இல்லை, பி எல்லாமும் மஞ்சளாவதில்லை. பாதிப்பேரிடம் பொய்யாகிற பெயர் எவ்வளவு பழக்கமானதாக இருந்தாலும் தலைப்புக்கு ஆகாது. நர்ஸ் அம்மா சொன்ன குழந்தைக்கும் இதுவே விளக்கம். பி கிருமி தொற்றினால் வெளியே தெரிய 30 முதல் 180 நாள் ஆகும், மூன்றாம் நாள் மஞ்சளுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

வேர்ச்சொல்

சரி, காமாலையை விடுங்கள், நானும் அதை ஆதரிக்கவில்லை. கல்லீரல் அழற்சி என்பதற்கு என்ன குறை?

மருந்துச்சீட்டு

குறை என்று சொல்ல மாட்டேன் ஐயா. மாணவர்களுக்கான கட்டுரையில் நானே அப்படித்தான் எழுதுவேன். குடியால் வரும் கல்லீரல் அழற்சி, மருந்தால் வரும் கல்லீரல் அழற்சி, நுண்ணுயிரால் வருவது என்று வகைபிரிக்கும் இடத்தில் அந்தச் சொல் அழகாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே நாம் பேசுவது கல்லீரலுக்கு என்ன ஆகிறது என்பதை.

துண்டறிக்கையில் நாம் பேசுவது ஒரு குறிப்பிட்ட கிருமியைப் பற்றி, அதற்கென்று இருக்கிற ஓர் ஊசியைப் பற்றி. அதைப் படிக்கிற பெண் அடுத்து என்ன செய்வாள்? தடுப்பூசி அட்டையைப் புரட்டி அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பாள். கர்ப்ப காலத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளை எடுப்பாள். மருந்துக்கடையில் கேட்பாள். இந்த மூன்று இடத்திலும் "அழற்சி" என்ற சொல் கிடையாது. நாம் கொடுத்த பெயரை வைத்துக்கொண்டு அவள் எங்கேயும் போய்ச் சேர முடியாது.

அப்புறம், அழற்சி என்பது எல்லோருக்கும் புரிகிறது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் படித்துக்காட்டிக் கேட்டவர்களில் சிலர் "அழுகிப்போவதா?" என்றார்கள். அதை எளிதாக்குகிறேன் என்று சிலர் "கல்லீரல் வீக்கம்" என்று எழுதுவார்கள், அது இன்னும் மோசம். கல்லீரல் பெரிதாகி வீங்குவது வேறு சங்கதி, ஸ்கேன் அறிக்கையில் அது தனியாகவே வரும். அழற்சி முற்றிக் கல்லீரல் சுருங்கியும் போகலாம். ஸ்கேனில் "வீக்கம் இல்லை" என்று பார்த்தவர் தனக்கு நோயே இல்லை என்று எடுத்துக்கொள்வார்.

ஆய்வகத்தான்

ஆய்வகத்தில் இருப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. ஒலிபெயர்ப்பு என்று முடிவு செய்தால் எழுத்துக்கூட்டலையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அறிக்கைக்குள் ஹெபடைட்டிஸ், ஹெப்படைடிஸ், ஹெபாடிடிஸ் என்று மூன்று விதமாகப் பார்த்திருக்கிறேன், இவை மூன்று வெவ்வேறு நோயா என்று கேட்டவரும் உண்டு.

அதைவிடப் பெரிய தொல்லை கடைசி எழுத்து. தமிழில் "டி" என்று எழுதினால் ஆங்கிலத்தில் அது இரண்டு எழுத்துக்குப் பொருந்தும், "பி"-யும் அப்படியே. "ஏ", "இ" இரண்டும் காதில் மாறி விழும், எழுதும்போது "இ"-யை "ஈ" என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து வகையும் ஐந்து கிருமி. எழுத்து மாறினால் நோயே மாறிப்போகும். பி கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு எங்கள் தாளில் இருக்கிற பெயர் HBsAg, பக்கத்தில் பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ். அந்த HBsAg என்ற எழுத்துகளை மட்டும் தாளில் இருக்கிறபடியே அறிக்கையில் ஓர் இடத்தில் அச்சடித்துவிடுங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உருவத்தைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

சொல்வேட்டை

அப்படியென்றால் விதி எளிது. தாளிலும் சீட்டிலும் அட்டையிலும் இருக்கிற பெயரை ஒலிபெயர்த்துவிட வேண்டியதுதான். மொழிபெயர்த்தால்தான் குழப்பம் வருகிறது, ஒலிபெயர்த்தால் வராது. இனி நான் எல்லா நோய்ப்பெயரையும் அப்படியே எழுதப்போகிறேன்.

மருந்துச்சீட்டு

பாதி சரி. "ஒலிபெயர்த்தால் குழப்பம் வராது" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது.

"ஹார்ட் பிளாக்" என்று எழுதிப் பாருங்கள். மருத்துவ நூலில் அது இதயத்தின் மின் சமிக்ஞை மேலறையிலிருந்து கீழறைக்கு ஒழுங்காக இறங்காத கோளாறு. முற்றிலும் தடைப்பட்டால் நாடி நிமிஷத்துக்கு 30, 40 என்று இறங்கிவிடும், தலை சுற்றும், ஆள் மயங்கி விழுவார், பேஸ்மேக்கர் வைப்பார்கள். ஆனால் தமிழில் பேசுகிறவர் "ஹார்ட்டில் பிளாக் இருக்கிறது" என்றால் என்ன சொல்கிறார்? இரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும், இல்லை பைபாஸ். மின்சாரக் கோளாறுக்காரருக்கு நீங்கள் "ஹார்ட் பிளாக்" என்று எழுதிக் கொடுத்தால், அவர் எண்ணெய் குறைத்து, கொழுப்பு மாத்திரை கேட்டு, "ஸ்டென்ட் ஏன் வைக்கவில்லை" என்று சண்டைக்கு வருவார். நான் எழுதிய ஒரு குறிப்புக்கு இப்படியே கேள்வி வந்தது. இங்கே மொழிபெயர்ப்புதான் காப்பாற்றும், "இதய மின்கடத்தல் தடை" என்று எழுதிவிட்டு, இரத்தக்குழாய் அடைப்பு வேறு என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிட வேண்டும். சீட்டில் இருக்கும் பெயர் இது என்று "ஹார்ட் பிளாக்"கை அதற்கும் கீழே தரலாம், தலைப்பில் வேண்டாம்.

"அல்சர்" அடுத்தது. சாப்பிட நேரமானால் வயிறு எரிகிற எல்லோருக்கும் தமிழில் அல்சர் இருக்கிறது. உண்மையிலேயே இரைப்பையில் புண் வந்தவருக்கு எழுதும்போது அதே சொல்லைப் போட்டால், இது வழக்கமான எரிச்சல்தான் என்று கருப்பாக மலம் போவதைக்கூடக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார். "இரைப்பைப் புண்" என்று எழுதினால் புண் என்ற சொல்லே கொஞ்சம் உறைக்கும். (நம்மில் பாதிப்பேருக்கு "தைராய்டு இருக்கிறது", மீதிப்பேருக்கு "சைனஸ் இருக்கிறது". இல்லாதவர் யார் என்றுதான் தெரியவில்லை.)

அதாவது பிறமொழிச் சொல்லும் தமிழுக்குள் வந்த பிறகு தமிழ்ச்சொல்தான், அதற்கென்று ஒரு பொருள் ஏற்பட்டிருக்கும். அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் நம் நோயை அங்கே உட்கார வைக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் விஷயத்தில் நாற்காலி காலி, யாரும் அதற்குத் தப்பான பொருள் கொடுத்து வைத்திருக்கவில்லை. அதனால்தான் அங்கே ஒலிபெயர்ப்பு சரிப்படுகிறது.

வேர்ச்சொல்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், காரணத்தைச் சொல்கிற தமிழ்ப்பெயர் எப்போதும் பாதுகாப்பானது. எலிக்காய்ச்சல் என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம்! லெப்டோஸ்பைரோசிஸ் என்று யாராவது சொல்ல முடியுமா?

நள்ளிரவு நர்ஸ்

சொல்ல முடியாதுதான். ஆனால் எலிக்காய்ச்சல் என்றதும் "எலி கடிக்கவே இல்லையே" என்பார்கள் ஐயா. சிலர் "எலிக்கடிக் காய்ச்சல்" என்றே மாற்றிச் சொல்கிறார்கள். எலி கடித்து வருகிற காய்ச்சல் தனியாக வேறொன்று உண்டு, இது அதுவல்ல. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் கால் வைத்து, காலில் சிறு கீறல் இருந்தால் போதும். மாடு, நாய், பன்றியின் சிறுநீரிலிருந்தும் வரும். வெள்ளத்தில் நின்றுவிட்டு வந்தவர், மாட்டுத் தொழுவத்தில் வேலை செய்பவர் இவர்களெல்லாம் பெயரைக் கேட்டதும் தங்களுக்கில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது முற்றினாலும் கண் மஞ்சளாகும், உடனே "காமாலை" என்று சொல்லிப் பத்தியம் இருக்கப் போய்விடுவார்கள். மறுபடியும் அதே மஞ்சள்!

வேர்ச்சொல்

அது பெயரின் குற்றமா, விளக்காதவர் குற்றமா? எலிக்காய்ச்சலை நீக்கிவிட்டு லெப்டோ என்று எழுதினால் அந்த ஆள் ஒதுங்காமல் இருப்பாரா?

நள்ளிரவு நர்ஸ்

இருக்க மாட்டார்தான். நான் அந்தப் பெயரை நீக்கச் சொல்லவில்லை, பெயருக்குக் கீழே "கடிக்காமலும் வரும்" என்று போடச் சொல்கிறேன்.

மருந்துச்சீட்டு

எலிக்காய்ச்சலை நானும் மாற்ற மாட்டேன். பெயர் வேரூன்றிவிட்டது, அதை வேறு நோய்க்கு யாரும் வைத்துக்கொள்ளவில்லை, விட்டுப்போனதை ஒரு வரியில் சேர்த்துவிடலாம். காமாலைக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். காமாலை என்பது பல நோய்க்கு ஒரே பெயர், அதை ஒரு வரியால் சரிக்கட்ட முடியாது. ஆனால் வேர்ச்சொல் ஐயா, "எப்போதும் பாதுகாப்பானது" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். காரணத்தைச் சொல்கிற பெயர் ஒரு காரணத்தைத்தான் சொல்லும்.

உப்புக்கல்

எல்லோருக்கும் நன்றி, கேட்டவர்களிடம் இப்போது பேச முடியும். முதல் பத்தியை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். தலைப்பு: "பிறந்த குழந்தைக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி".

"ஹெபடைட்டிஸ் பி என்பது கல்லீரலைத் தாக்கும் ஒரு கிருமித் தொற்று. இரத்தம் மூலமும் உடலுறவு மூலமும், பிறக்கும்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது. இது இருக்கிற பலருக்குக் கண் மஞ்சளாகாது, உடம்பிலும் ஒன்றும் தெரியாது. உங்கள் இரத்தப் பரிசோதனைத் தாளில் HBsAg என்ற இடத்தில் பாசிட்டிவ் என்று இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த ஊசியைச் சிலர் மஞ்சள் காமாலை ஊசி என்பார்கள். பிறந்த குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் வருகிற மஞ்சளுக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பில்லை."

ஆய்வகத்தான்

நன்றாக இருக்கிறது. நெகட்டிவ் என்று இருந்தாலும் ஊசி போட வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் நெகட்டிவ் தாளைக் காட்டி ஊசி வேண்டாம் என்பார்கள்.

ஜன்னலோரம்

தாளைத் தேடி எடுத்துவிட்டேன். HBsAg நெகட்டிவ். ஏ வகைக்கு ஒரு பரிசோதனை, அதில் பாசிட்டிவ். அப்போது யாரும் இதைச் சொல்லவில்லை, "காமாலைதான், பத்தியமாக இருங்கள்" என்றுதான் சொன்னார்கள்.

சொல்வேட்டை

உப்புக்கல், அறிக்கை இலங்கைத் தமிழர்களுக்கும் போகுமா? அங்கே காமாலையைச் செங்கமாரி என்பார்கள். "சிலர் மஞ்சள் காமாலை ஊசி என்பார்கள்" என்ற வரி அவர்களுக்கு ஒட்டாது.

உப்புக்கல்

போகும். இரண்டு சொல்லையும் போட்டால் வரி நீண்டுவிடும், அவர்களுக்குத் தனிப் பதிப்பு அச்சடிக்க ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

வேர்ச்சொல்

கேட்கும்போது "ஹெ"-யை "எ" என்று மாற்றலாமா என்றும் கேளுங்கள். எபடைட்டிசு. நான் விடுவதாக இல்லை.

ஆய்வகத்தான்

ஐயா, இப்போதுதான் மூன்று எழுத்துக்கூட்டலை ஒன்றாக்கினோம், நான்காவதைக் கொண்டுவருகிறீர்களே.